கோட்டைக் கடிகாரத்தின் துளை: அல் ஜஸரி தன் வேலையை எழுதிவைத்த விதம்

டைக்ரிஸ் ஆற்றின் மேல்பகுதியில், இன்றைய துருக்கியின் தியார்பகிர் நகரம் 12ஆம் நூற்றாண்டில் ஆமித் என்று அழைக்கப்பட்டது. அங்கே பகல் என்றால் சூரியன் எழுவதிலிருந்து விழுவது வரை. அந்தப் பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மணி. கோடையின் மிக நீண்ட நாளில் அந்த ஒரு மணி நம் கணக்கில் ஏறக்குறைய 73 நிமிடம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளிலோ 47 நிமிடம்தான். இரவும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக. ஆகவே அந்த ஊரில் கடிகாரம் செய்ய முனைந்தவர், நாளுக்கு நாள் வேகம் மாறும் கடிகாரத்தைச் செய்ய வேண்டியிருந்தது. சீராக ஓடும் கடிகாரம் அவருக்கு உதவாது.

அந்தக் காலத்து நீர்க்கடிகாரங்களைப் பற்றிப் பேசும்போது மயில்களும் யானைகளும் முழவு கொட்டும் பொம்மைகளும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அவற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு துளையில்தான் அந்த வேலையின் உயிர் இருக்கிறது. அந்தத் துளையை எந்த உயரத்தில் வைப்பது என்ற கேள்வியையும், அதற்கான விடையை ஒருவர் எப்படி எழுதிவைத்தார் என்பதையும் தொடர்ந்து போனால், இடைக்காலத்தில் இயந்திர அறிவு ஏட்டில் ஏறிய விதம் தெளிவாகிவிடும்.

எழுதிவைத்தவர் இப்னுல் ரஸ்ஸாஸ் அல் ஜஸரி. ஆமித்தை ஆண்ட அர்துகித் மரபினரிடம் 25 ஆண்டுகள் பணியாற்றியவர். முதலில் தந்தை, பிறகு மூத்த மகன், அதன்பின் இளைய மகன் நாசிருத்தீன் மஹ்மூத் என ஒரே குடும்பத்தின் மூன்று அரசர்களுக்காக வேலை செய்ததாக அவரே முன்னுரையில் சொல்கிறார். ஒருநாள் மஹ்மூத் அவரை அழைத்து, நீ செய்தவற்றுக்கு ஈடு இல்லை, உன் உழைப்பு வீணாகிவிடாமல் இவற்றையெல்லாம் விளக்கி ஒரு நூல் எழுது என்று கேட்டுக்கொண்டார். அப்படிப் பிறந்த நூலில் 50 கருவிகள் இருக்கின்றன. நீர்க்கடிகாரங்களும் மெழுகுவர்த்திக் கடிகாரங்களும் 10, விருந்தில் பானம் ஊற்றும் கலங்களும் உருவங்களும் 10, கை கழுவவும் இரத்தம் எடுக்கவும் பயன்படும் பாத்திரங்கள் 10, நீரூற்றுகளும் தானாக ஊதும் குழல்களும் 10, நீர் இறைக்கும் இயந்திரங்கள் 5, மற்றவை 5. நமக்குக் கிடைத்துள்ள பிரதிகளில் மிகப் பழையது 1206ஆம் ஆண்டு படியெடுக்கப்பட்டது. அது இப்போது இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனை நூலகத்தில் இருக்கிறது.

முதல் கருவியே நூலில் மிகப் பெரியது. கோட்டைக் கடிகாரம் என்று இன்று எல்லோரும் அழைக்கும் அது, இரண்டு ஆள் உயர முகப்பு கொண்டது. உச்சியில் ராசிச் சக்கரம். அதில் சூரியனும் சந்திரனும் தம் இடங்களில் நகரும். அதன் கீழே வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள், அவற்றுக்கும் கீழே இன்னொரு பன்னிரண்டு. ஒரு பிறை கதவுகளுக்கு முன்னே மெல்ல நகர்ந்துகொண்டே போகும். அது ஒரு கதவைக் கடந்ததும், மேல் கதவு திறந்து ஓர் உருவம் வெளியே வரும். கீழ்க் கதவு புரண்டு வேறு நிறம் காட்டும். இரு பக்கமும் இருக்கும் பித்தளைப் பருந்துகள் இறக்கை விரித்துக் குனிந்து, வாயிலிருக்கும் குண்டுகளைக் குடுவைக்குள் தொங்கும் தாளத்தின்மேல் போடும். ஆறாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது மணிகளில் ஐந்து இசைக்கலைஞர்களின் உருவங்கள் முழவும் எக்காளமும் தாளமும் வாசிக்கும். இரவில் கதவுகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கண்ணாடி வட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெறும்.

இவ்வளவையும் இயக்குவது ஒரே ஒரு மிதவை. பெரிய செப்புத் தொட்டியில் நீர் நிரப்பப்பட்டிருக்கும், அதன்மேல் மிதவை. நீர் வடிய வடிய மிதவை இறங்கும். மிதவையில் கட்டிய கயிறு கப்பிகளின் வழியாகச் சென்று, கதவுகளுக்குப் பின்னால் தண்டவாளம் போன்ற பாதையில் நிற்கும் சிறு வண்டியை இழுக்கும். வண்டி போகிற போக்கில் ஒவ்வொரு கதவின் தாழையும் தட்டிவிடும், குண்டுகளையும் விடுவிக்கும். வெளியேறிய நீரும் வீணாவதில்லை. அது இன்னொரு தொட்டியில் சேர்ந்து, குறித்த மணி வந்ததும் மொத்தமாகக் கொட்டி ஒரு சிறு நீர்ச்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் அச்சிலுள்ள முளைகள் பொம்மைகளின் கைகளைத் தூக்கித் தூக்கி விடும். பிறகு அதே நீர் மூடிய கலத்துக்குள் புகுந்து, உள்ளிருக்கும் காற்றைக் குழல் வழியே வெளியே தள்ளி ஊதல் ஒலியை எழுப்பும்.

இதில் கவனிக்க வேண்டியது, மிதவை ஒவ்வொரு பகலிலும் இறங்கும் தொலைவு ஒன்றேதான் என்பது. கோடையானாலும் குளிரானாலும் வண்டி பன்னிரண்டு கதவுகளைக் கடந்தாக வேண்டும்; அதற்கு ஒரே அளவு நீர்தான் வடியும். மாறுவது நீர் வடியும் வேகம் மட்டும். பகல் நீண்டால் மெதுவாக, குறுகினால் விரைவாக வடிய வேண்டும்.

தொட்டியின் அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தொட்டி நிறைந்திருக்கும்போது துளையில் நீர் வேகமாகப் பாயும். மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். காலையில் ஓடிய கடிகாரம் மாலையில் தள்ளாடும். இதற்கு அல் ஜஸரிக்கு முன்பே ஒரு தீர்வு இருந்தது. அதை ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கிய ஓர் அரபு நூலிலிருந்து எடுத்துக்கொண்டதாக அவர் மறைக்காமல் சொல்கிறார். பெரிய தொட்டியின் நீர் நேராக வெளியே போகாமல் முதலில் ஒரு சிறு அறைக்குள் விழும். அந்த அறையில் இன்னொரு மிதவை. அதன் தலையில் கூம்பு வடிவ அடைப்பு. அறையில் நீர் உயர்ந்தால் கூம்பு மேலெழுந்து வரத்துக் குழாயின் வாயை அடைத்துவிடும்; நீர் சற்றே குறைந்தால் இறங்கி வழிவிடும். நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் நீர் நிறைந்ததும் பந்து மிதந்து குழாயை மூடுவது போன்றதுதான் இது. இதனால் சிறு அறையின் நீர்மட்டம் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த அறையிலிருந்து வெளியேறும் நீரின் வேகமும் மாறாது.

அடுத்து, நாளுக்கு நாள் வேகத்தை மாற்றும் வேலை. சிறு அறையிலிருந்து வரும் நீர், சுவரில் செங்குத்தாகப் பொருத்திய ஒரு வட்டத் தகட்டின் விளிம்பிலுள்ள துளை வழியாக வெளியேறும். தகட்டைத் திருப்பலாம். துளை மேலே வந்தால் அதற்கும் அறையின் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரம் குறைவு. நீர் மெதுவாக வடியும். கீழே போனால் உயரம் அதிகம். நீர் வேகமாகப் பாயும். தகட்டைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகளும் பாகை பிரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். சூரியன் இன்று எந்த ராசியில் எத்தனையாவது பாகையில் இருக்கிறதோ அங்கே திருப்பி வைத்தால் இன்றைய பகலுக்குரிய வேகம் கிடைத்துவிடும். இரவு தொடங்கியதும் நேரெதிர் ராசிக்குத் திருப்ப வேண்டும். கடகத்தில் இரவு எவ்வளவு குறுகியதோ, மகரத்தில் பகலும் அவ்வளவே குறுகியது.

திட்டம் அருமையானது. சிக்கல், ராசிகளைத் தகட்டில் எந்தெந்த இடத்தில் பொறிப்பது என்பதில் வந்தது. ஆர்க்கிமிடீஸின் பெயரிலான நூலில் அவை ஓர் அரைவட்டத்தில் பங்கிடப்பட்டிருந்தன. அல் ஜஸரி அதைச் செய்து பார்த்தார், சரியாக வரவில்லை. வேறொருவர் முழு வட்டத்தில் செய்திருந்ததையும் ஆராய்ந்தார், அதுவும் தவறியது.

ஏன் தவறும் என்பதை இன்று நம்மால் கணக்கிட முடியும். ஒரு துளை வழியே நீர் பாயும் வேகம், துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. இதை டாரிசெல்லி 1644இல்தான் வெளியிட்டார். ஆமித்தில் குளிர்காலப் பகலுக்குக் கோடைப் பகலைவிட ஏறக்குறைய 1.56 மடங்கு வேகம் தேவை. அதற்கு நீரின் உயரம் 1.56 மடங்கு ஆனால் போதாது, 1.56இன் வர்க்கம், அதாவது சுமார் 2.43 மடங்கு ஆக வேண்டும். கோடையில் துளைக்கு மேல் 10 விரல் நீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், குளிர்காலத்தில் 24 விரலுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும்.

இந்த இரண்டு கடைக்கோடிகளையும் சரியாக வைத்துவிட்டு, நடுவிலுள்ள ராசிகளைச் சம கோணங்களில் பிரித்தால் என்ன ஆகும்? மேலிருந்து கீழ் வரை ஆறு ராசிகள், ஒவ்வொன்றுக்கும் 30 பாகை. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் துளை சரியாக நடுவில், சுமார் 17 விரல் ஆழத்தில் இருக்கும். ஆனால் அன்றைய பகலுக்குத் தேவையான ஆழம் 15 விரலுக்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு சில்லறை விரல்களின் வேறுபாட்டால் நீர் ஏழெட்டு விழுக்காடு வேகமாக வடியும். பன்னிரண்டு மணி நேரப் பகலில் கடிகாரம் கிட்டத்தட்ட 50 நிமிடம் முந்திவிடும். பன்னிரண்டாவது கதவு திறந்து இசைக்குழு வாசித்து முடித்த பிறகும் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பிழையின் குணம் இன்னும் கவனிக்கத்தக்கது. கோடையின் உச்சநாளிலும் குளிரின் உச்சநாளிலும் மட்டும் சோதித்தால் கடிகாரம் மிகச் சரியாக இருக்கும். இடைப்பட்ட எல்லா மாதங்களிலும் அது முந்தும். உச்சநாள்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அழகான வரைபடத்தோடு நூலில் இருந்த ஒரு பங்கீடு கைக்குக் கை மாறி நிலைத்திருந்ததற்கு இப்படிப்பட்ட காரணம் ஒன்று இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தவறு வசதியான இரண்டு நாள்களில் ஒளிந்துகொள்ளும்போது, அதைப் பிடிக்க ஆண்டு முழுவதும் கவனிக்கும் பொறுமை வேண்டும்.

வர்க்கமூல விதி அல் ஜஸரிக்குத் தெரியாது. அவருக்கு இருந்தது, சோதித்துப் பார்த்துத் திருத்தும் வழி. துளையை ஓர் இடத்தில் வைத்து, நீர் வடியும் அளவைக் கவனித்து, சரியான உயரம் கிடைக்கும்வரை நகர்த்தி, கிடைத்த இடத்தைத் தகட்டில் குறித்தார். இப்படிப் பிறந்த தகட்டில் ராசிகளின் இடைவெளிகள் சமமாக இல்லை. துளையையும் அவர் தகட்டின் உலோகத்திலேயே குடைந்துவிடவில்லை. துளையிட்ட ஓனிக்ஸ் கல்லைப் பதித்தார். செம்பில் போட்ட துளை நாளடைவில் அரிக்கப்பட்டுப் பெரிதாகும், பாசி பிடித்துச் சிறிதாகவும் ஆகும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அவ்வளவு பாடுபட்டுப் பொறித்த தகடு முழுவதும் பொய்யாகிவிடும். கடினமான கல்லில் அந்த மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும்.

அவர் நூல் எழுதிய முறையும் இந்த அனுபவத்திலிருந்துதான் வந்தது. முன்னோர்கள் பலர் கருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஆனால் எழுதிய எல்லாவற்றையும் அவர்கள் செய்து பார்க்கவில்லை. செய்கையால் உறுதிப்படாத தொழிலறிவு மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஊசலாடும். முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம் இது. சொன்னதோடு நிற்காமல், தோற்ற முயற்சிகளையும் நூலுக்குள் கொண்டுவருகிறார். ஆர்க்கிமிடீஸின் பெயருக்கு முன்னால் பணிந்து நின்றுவிடாமல், இதை இப்படிச் செய்தேன், இது சரிவரவில்லை என்று எழுதுகிறார். விடையை மட்டும் கொடுத்திருந்தால், வேறு ஊரில் வேறு அளவில் கடிகாரம் செய்பவருக்கு அது பயன்பட்டிருக்காது. ஆமித்தின் தகடு பாக்தாதுக்குப் பொருந்தாது. அங்கே கோடைப் பகலின் நீளமே வேறு. கண்டுபிடித்த வழியை எழுதியதால்தான் அந்த அத்தியாயம் இன்னொரு ஊருக்கும் உதவும்.

ஒவ்வொரு கருவியையும் அவர் விளக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் வெளியே நிற்பவர் என்ன காண்பார், என்ன கேட்பார் என்று சொல்லிவிடுகிறார். பிறகு உள்ளே போய், ஒவ்வோர் உறுப்பாகச் செய்யும் முறை. கடைசியில் எல்லாம் சேர்ந்து இயங்கும் விதம். அளவுகள் சாணிலும் விரலிலும் வருகின்றன. படங்களில் உறுப்புகளுக்கு அரபு எழுத்துகளைக் குறியாக இட்டு, விளக்கத்தில் அதே எழுத்தைச் சொல்லி அழைக்கிறார். இந்தக் குழாயின் இந்த முனையிலிருந்து அந்தத் தொட்டியின் அந்த விளிம்புவரை என்று படமும் எழுத்தும் கைகோத்தே போகும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது விளங்காது. காரணம், படங்கள் அளவுக்கு வரையப்பட்டவை அல்ல. முன்பக்கம், மேல்பக்கம், உள்பக்கம் மூன்றும் ஒரே படத்தில் விரித்துக் காட்டப்பட்டிருக்கும். எது எதனோடு இணைகிறது என்பதைப் புரிய வைப்பதே அவற்றின் வேலை. துல்லியமான வடிவத்தை அவற்றில் தேடக் கூடாது.

பட்டறை நுணுக்கங்கள் நூல் முழுவதும் விரவிக் கிடக்கின்றன. மரத் தகடு வளையாமலிருக்க, மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யச் சொல்கிறார். சக்கரத்தை அச்சில் நிறுத்தி, எந்தப் பக்கம் கனத்தால் தாழ்கிறது என்று பார்த்துச் சமன்படுத்துகிறார். வடிவமைப்பை முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்க்கிறார். உறுப்புகளுக்கு மர மாதிரிகள் செய்துகொள்கிறார். மூடிய பெட்டியில் மணல் அச்சு செய்து உலோகம் வார்க்கும் முறையையும் எழுதிவைத்திருக்கிறார்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கூம்பு அடைப்பு. சிறு அறையின் மட்டம் அசையாமல் நிற்பது முழுவதும் அந்தக் கூம்பு தன் இருக்கையில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. நீர் கசிந்தால் மிதவை மூடிய பிறகும் அறைக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கடிகாரம் முந்தும். கசிவைக் கண்டுபிடிப்பது எளிது: வெளியேறும் துளையை விரலால் அடைத்துவிட்டு அறையின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கசியாமல் செய்வதுதான் கடினம். இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும் அவை முழுமையாகப் பொருந்தா. அல் ஜஸரியின் வழி, கூம்பையும் இருக்கையையும் ஒன்றோடொன்று வைத்து இடையில் எமரித்தூளைப் போட்டு, நீர் புகாத அளவு பொருந்தும்வரை தேய்ப்பது. எந்த விட்டம், எந்தச் சாய்வு என்று எண்ணில் சொல்லி அடைய முடியாத ஒரு பொருத்தத்தை, அதை உண்டாக்கும் செயலைச் சொல்லி அடைய வைக்கிறார். எஞ்சின் வால்வுகளை இன்றும் பட்டறைகளில் இதே விதமாக அரைத்துப் பொருத்துகிறார்கள்.

இதே இடத்தில்தான் நூலின் வரம்பும் இருக்கிறது. எத்தனை நேரம் தேய்ப்பது, கை எவ்வளவு அழுத்த வேண்டும், பற்றுவைக்கும்போது செம்பு எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்பதெல்லாம் வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார். அவர் மனத்தில் கண்ட வாசகர் உலோக வேலை தெரிந்த ஒரு கைவினைஞர். பட்டறையில் ஆசானின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கற்றவருக்கு அடுத்த படியைக் காட்டும் நூல் இது. புதியவருக்கு உளி பிடிக்கக் கற்றுத்தரும் நூல் அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்களின் நூல் இருக்கிறது. வடிகுழாய்களும் அடைப்புகளும் வைத்து வியக்கத்தக்க வேலைகளைச் செய்யும் சுமார் 100 கருவிகளை அவர்கள் விவரித்தார்கள். சிந்தனையின் கூர்மையில் அவர்கள் அல் ஜஸரிக்குக் குறைந்தவர்கள் அல்லர். சில இடங்களில் மிஞ்சியவர்கள் என்றே சொல்லலாம். ஆனால் கட்டுமானத்தைப் பற்றி அவர்கள் எழுதுவது மிகக் கொஞ்சம். கருவி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்பது விளங்கும். அதைச் செய்ய உட்கார்ந்தால் பாதி வழியில் கை நின்றுவிடும்.

அல் ஜஸரியின் நூலுக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1203இல், டமாஸ்கஸில் இன்னொருவர் நீர்க்கடிகாரத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். பெயர் ரித்வான். தொழிலால் மருத்துவர், அரச அவைகளில் அமைச்சராகவும் இருந்தவர். அவர் தந்தை முஹம்மத் அஸ் ஸாஅத்தி, நூருத்தீனின் ஆட்சியில், டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் ஜைரூன் வாயிலில் ஒரு பெருங்கடிகாரத்தை அமைத்திருந்தார். 1184இல் அந்த வழியே வந்த, முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினைச் சேர்ந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்: பித்தளைப் பருந்துகள் கழுத்தை நீட்டிக் குண்டுகளைக் கிண்ணங்களில் போடுவதும், மணிக்கு ஒரு கதவு மூடிக்கொள்வதும், இரவில் விளக்கொளி கண்ணாடி வட்டங்களில் பரவுவதும் அவருக்கு மாயவித்தை போலவே தெரிந்தது.

தந்தை இறந்த பிறகு கடிகாரம் பிறர் பொறுப்பில் போய்ச் சீர்கெட்டது. சரிசெய்ய வந்தவர்கள் அதை மேலும் கெடுத்தார்கள். கடைசியில் மகன் கையிலெடுத்துப் பழுது பார்த்தார். பிறகு அந்த ஒரே ஒரு கடிகாரத்தைப் பற்றி, ஒவ்வோர் உறுப்பாக, ஒரு முழு நூல் எழுதினார். இதன் அடிப்படையும் ஆர்க்கிமிடீஸின் பெயரிலான அதே அமைப்புதான். அதே மிதவை அறை, அதே திருப்பும் தகடு.

இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ரித்வானின் மேல் தனி மதிப்பு உண்டாகிறது. அவரிடம் அல் ஜஸரியின் கைத்திறன் இல்லை. புதிதாக ஒன்றைப் படைக்கும் ஆற்றலையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பழுது பார்ப்பவரின் கண், படைப்பவரின் கண்ணிலிருந்து வேறானது. படைத்தவருக்கு இயல்பாகத் தெரிவதால் சொல்லாமல் விட்டுவிடும் சின்னஞ்சிறு செய்திகள், பழுது பார்ப்பவரை இரவு பகலாகத் தடுமாற வைத்தவை; அவர் அவற்றை விடமாட்டார். எந்தக் கயிறு எந்தக் கப்பியின் எந்தப் பக்கமாகச் செல்கிறது, எது எதற்கு முன் கழற்றப்பட வேண்டும் என்பவற்றை நீளமாக, சில வேளை சலிப்பூட்டும் அளவுக்கு எழுதுகிறார். ஒரு தந்தையின் அறிவு அவரோடு மறைந்துபோனதன் விலையை நேரில் கண்டவரின் நீளம் அது. இயந்திரம் நகரின் நடுவே கண்முன் நின்றும், அதை இயக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள். ஆசான் வழியாகவே கைமாறிய தொழிலில் ஒரு கண்ணி அறுந்தால் இதுதான் நேரும்.

அல் ஜஸரியின் நூலுக்கு வேறு விதமான ஆபத்து வந்தது. அதை யாரும் மறக்கவில்லை. நூற்றாண்டுகளாகப் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1315இலும் 1354இலும் எழுதிய அழகிய பிரதிகள் உண்டு. படங்கள் வண்ணம் தீட்டப்பட்டவை, பொன் பூசப்பட்டவை. அந்த அழகே வினையாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலைப்பொருள் சந்தையில் அந்த ஏடுகள் தனித்தனியே பிரிந்து விற்கப்பட்டன. 1315ஆம் ஆண்டுப் பிரதியின் யானைக் கடிகார ஏடு இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1354ஆம் ஆண்டுப் பிரதியின் ஏடுகள் பாஸ்டனிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. யானைக் கடிகாரத்தின் வயிற்றில் இருப்பது, அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மெல்ல மூழ்கி நேரம் காட்டும் அமைப்பு. நாழிகை வட்டிலைப் பற்றி அறிந்த தமிழ் வாசகர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் ஏட்டில் யானையும் பாகனும் கண்ணைக் கவர்கிறார்கள். ஆனால் படத்தில் இடப்பட்ட எழுத்துக் குறிகள் எந்த உறுப்பைச் சுட்டுகின்றன, அதன் அளவு என்ன என்று சொல்லும் பக்கங்கள் வேறெங்கோ இருக்கின்றன. படியெடுத்தவர்களில் ஓவியர்களும் உண்டு. கயிறு எந்தக் கப்பியைச் சுற்றுகிறது என்பது அவர்களுக்கு ஒரு கோடு மட்டுமே. ஒரு கோடு இடம் மாறினால் படத்தின் அழகு குறையாது, இயந்திரம் நின்றுவிடும்.

இந்தக் குறிகளையும் விளக்கத்தையும் மீண்டும் ஒன்றோடொன்று பொருத்தியவர் டொனால்ட் ஹில். ஆங்கிலேயர், தொழிலால் பொறியாளர், எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அரபு கற்றவர். பல பிரதிகளை ஒப்பிட்டு 1974இல் அவர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், ஒவ்வொரு கருவிக்கும் இன்றைய முறையில் வரைந்த படங்களும் குறிப்புகளும் உண்டு. ஒரு பிரதியில் படம் மயங்கும் இடத்தில், நீர் எந்தப் பக்கம் ஓடினால்தான் இது இயங்கும் என்று கேட்டுச் சரியான பாடத்தைத் தேர்வு செய்ய ஒரு பொறியாளரால் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1976இல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அல் ஜஸரியின் நீர்க்கடிகாரம் ஒன்று அவர் நூலின் வழியே மீண்டும் கட்டப்பட்டு ஓடியது. ரித்வானின் டமாஸ்கஸ் கடிகாரம் இன்று இல்லை. ஜைரூன் வாயிலில் அது எப்படி நின்றது என்பதை அறிய அவர் எழுதிய நூலும் இப்னு ஜுபைரின் வரிகளுமே நமக்கு வழி.